பழத்துக்குப் பகை உள்ளே, மீனுக்குப் பகை வெளியே

வாழைப்பழத்தை ஃப்ரிட்ஜில் வைக்கக்கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். மறந்துபோய் வைத்துவிட்டால் ஓரிரு நாளில் தோல் கறுத்துவிடும். காயாக இருக்கும்போது வைத்துவிட்டாலோ வெளியே எடுத்த பிறகும் அது ஒழுங்காகப் பழுக்காது. தோல் சாம்பல் பூத்தாற்போல மங்கிக் கிடக்கும். உள்ளே இருப்பது பழமும் இல்லை, காயும் இல்லை என்று ஆகிவிடும்.

அதே வாழை, கப்பலில் குளிரூட்டிய பெட்டிக்குள் சுமார் மூன்று வாரம் பயணம் செய்கிறது. தென் அமெரிக்காவின் பசிபிக் கரையில் இருக்கும் ஈக்வடார் நாடுதான் உலகிலேயே அதிகமாக வாழை ஏற்றுமதி செய்யும் நாடு. அங்கே விளைவது கேவண்டிஷ் இனம். நம் சந்தையில் ஜி-9 என்று விற்கும் வாழையும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். குவாயாகில் துறைமுகத்தில் ஏற்றிய காய், பனாமா கால்வாய் வழியாக அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, நெதர்லாந்தின் ராட்டர்டாமிலோ பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பிலோ இறங்கும்போதும் பச்சையாகவே இருக்கிறது.

அதே குவாயாகிலிலிருந்து இன்னொரு சரக்கும் போகிறது: உறைய வைத்த இறால். நம் கடலோர மாவட்டங்களில் பண்ணைக்காரர்கள் வளர்க்கும் வனாமி இறாலுக்குத் தாய்மண் அந்தப் பசிபிக் கரைதான். வாழைப் பெட்டியும் இறால் பெட்டியும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. நீளம் 40 அடி, ஒரே எடை, ஒரே இயந்திரம், ஒரே பிளக். பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் எதற்குள் எது இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆனால் உள்ளே நடக்கும் வேலை இரண்டிலும் வேறு. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் இந்தப் பெட்டியின் சூட்சுமம் முழுவதும் புரிந்துவிடும்.

பெட்டியும் அதன் இயந்திரமும்

துறைமுகத்தில் இதை 'ரீஃபர்' என்பார்கள். சாதாரணக் கண்டெய்னர் இரும்புத் தகட்டாலான கூடு. ரீஃபரின் சுவரோ இரண்டு தகடுகளுக்கு நடுவே பாலியூரித்தேன் நுரையை அடைத்துச் செய்தது. தரை, கூரை, கதவு எல்லாமே அப்படித்தான். பெட்டியின் ஒரு முனையில் இரட்டைக் கதவு. மறு முனை முழுவதும் இயந்திரம். வீட்டு ஏ.சி.யைச் சுவருக்குள் பதித்ததுபோல அது அமர்ந்திருக்கும். துறைமுகத்திலும் கப்பலிலும் 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் அது ஓடும். சாலையில் போகும்போது ஒரு சிறிய டீசல் ஜெனரேட்டரை லாரியிலோ பெட்டியின் முகப்பிலோ மாட்டிக்கொள்வார்கள்.

அந்த இயந்திரம் குளிரைத் தயாரிப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது செய்வது, உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுவது. மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் மேற்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது, ஆவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ரீஃபரும் அதையேதான் செய்கிறது. தண்ணீருக்குப் பதில், மிகக் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் ஒரு திரவத்தைப் பயன்படுத்துகிறது. இதில் நெடுங்காலமாக அதிகம் பயன்பட்ட ஆர்-134ஏ, சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும். பெட்டிக்குள் இருக்கும் குழாய்ச் சுருளில் அது கொதித்து ஆவியாகும்போது, சுருளைக் கடந்து போகும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் வெளிப்பக்கச் சுருளுக்கு அழுத்தித் தள்ள, அங்கே அது வெப்பத்தைக் கடற்காற்றில் விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. பானை நீர் ஆவியாகிப் போனால் போனதுதான். இங்கே அதே திரவம் சுற்றிச் சுற்றி வருகிறது.

ஆக, பெட்டியின் வேலை ஒரே வரிக் கணக்கு. உள்ளே எவ்வளவு வெப்பம் சேர்கிறதோ, அதே அளவை வெளியே எடுக்க வேண்டும். இனிக் கேள்வி, அந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பது.

காற்றின் பாதை

அதற்கு முன் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுருளில் குளிர்ந்த காற்று சரக்கைச் சென்று சேராவிட்டால் இயந்திரம் ஓடி என்ன பயன்?

இந்தப் பாடத்தை உயிரைப் பணயம் வைத்துக் கற்றுக்கொண்ட கதை ஒன்று உண்டு. 1882 பிப்ரவரியில் 'டனீடின்' என்ற பாய்மரக் கப்பல் நியூசிலாந்திலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. உள்ளே சுமார் 5,000 உறைந்த ஆட்டிறைச்சி உடல்கள். கப்பலில் நீராவியால் ஓடும் குளிர்ப்பொறி ஒன்று பொருத்தியிருந்தார்கள். நிலநடுக்கோட்டுப் பகுதியின் வெயிலில் வரும்போது சரக்கறையில் குளிர்காற்று சரியாகப் பரவவில்லை என்று தெரிந்தது. கேப்டன் ஜான் விட்சன் தானே காற்றுக் குழாய்க்குள் தவழ்ந்து போய், காற்று வெளியேற இன்னும் சில துளைகளை ரம்பத்தால் அறுத்தார். அறுத்து முடிப்பதற்குள் குளிரில் உடல் விறைத்து மயங்கிவிட்டார். இன்னொருவர் பின்னால் தவழ்ந்து சென்று அவர் காலில் கயிறு கட்ட, மற்றவர்கள் இழுத்து வெளியே எடுத்தார்கள். 98 நாள் கழித்து லண்டன் சேர்ந்தபோது அத்தனை உடல்களில் ஒன்றை மட்டுமே தகுதியற்றது என்று ஒதுக்கினார்கள். கப்பலில் இருந்த பொறி முன்பும் அதுவே, பின்பும் அதுவே. விட்சன் மாற்றியது காற்றின் பாதையை மட்டும்தான்.

இன்றைய ரீஃபரில் அந்தப் பாதை தரையிலேயே அமைந்திருக்கிறது. கதவைத் திறந்து குனிந்து பார்த்தால், தரை சமதளமாக இருக்காது. ஆங்கில 'டி' எழுத்து வடிவ அலுமினியச் சட்டங்கள் நெடுக ஓடும். மேலே சரக்கு உட்காரும். சட்டங்களுக்கு இடையே இருக்கும் பள்ளங்களில் காற்று ஓடும். இயந்திரத்தின் அடியிலிருந்து புறப்படும் குளிர்காற்று இந்தப் பள்ளங்கள் வழியாகக் கதவு வரைக்கும் போகிறது. போகிற வழியெல்லாம் சரக்கின் ஊடாகவும் ஓரமாகவும் மேலே எழும்புகிறது. பிறகு கூரையை ஒட்டித் திரும்பி இயந்திரத்துக்கே வருகிறது. பக்கச் சுவர்களில் மேலே ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அதைத் தாண்டி ஒரு அட்டைப்பெட்டியும் அடுக்கக்கூடாது. தாண்டினால் திரும்பி வரும் பாதை அடைபடும்.

வாழைப் பெட்டி: உயிருள்ள சரக்கு

குவாயாகிலில் ஏற்றும் ஒரு 40 அடிப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஏற்றுமதி வாழை, சீப்புச் சீப்பாக வெட்டிக் கழுவி, அட்டைப்பெட்டியில் அடுக்கப்படுகிறது. ஒரு அட்டைப்பெட்டியில் 18 கிலோவுக்குச் சற்று மேல். 54 அட்டைப்பெட்டிகளை ஒரு மரப் பேலட்டில் கட்டி, அப்படி 20 பேலட்டுகளை ஏற்றினால் 1,080 அட்டைப்பெட்டிகள். எடை ஏறத்தாழ 19.6 டன்.

தாரை வெட்டிய பிறகும் காய் சாவதில்லை. அது மூச்சு விடுகிறது. ஆக்சிஜனை எடுத்து, தன்னிடம் இருக்கும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் எரித்து, கார்பன் டை ஆக்சைடையும் ஈரத்தையும் வெப்பத்தையும் வெளியே விடுகிறது. ஒரு காய் விடும் வெப்பம் கைக்குத் தெரியாது. ஆனால் 13 டிகிரியில் அமைதியாகத் தூங்கும் நிலையிலும், 19.6 டன் பச்சைக்காய் சேர்ந்து ஏறத்தாழ ஒரு கிலோவாட் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றைப் போட்டுவிட்டு, மூன்று வாரம் அணைக்காமல் உள்ளே வைத்ததற்குச் சமம்.

இப்போது சுவரைப் பாருங்கள். வெளியே 30 டிகிரி, உள்ளே 13.5 டிகிரி என்றால், 40 அடிப் பெட்டியின் ஆறு பக்கமும் சேர்ந்து கசியவிடும் வெப்பம் முக்கால் கிலோவாட்டுக்கும் குறைவு. அதாவது வெயிலிலிருந்து வரும் வெப்பத்தைவிட வாழைக்காயிடமிருந்து வரும் வெப்பமே அதிகம். எவ்வளவு தடித்த சுவர் கட்டினாலும் அதைத் தடுக்க முடியாது. பகை உள்ளேயே இருக்கிறது.

அதனால்தான் வாழைக்குக் காற்று அட்டைப்பெட்டிகளின் ஊடாகப் போக வேண்டும். அட்டையின் அடியிலும் மேலும் பக்கத்திலும் துளைகள் போட்டிருப்பது இதற்காகத்தான். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும்போது துளைக்கு நேரே துளை வர வேண்டும். கொஞ்சம் கோணலாக அடுக்கினால் பாதை அடைபட்டு, நடுவில் இருக்கும் காய் தன் சூட்டிலேயே வேகும். காற்று சோம்பேறி, சுலபமான வழி இருந்தால் அதில்தான் போகும். கதவோரம் தரை இரண்டடி காலியாகக் கிடந்தால், குளிர்காற்று முழுவதும் அந்த இடைவெளியில் மேலே ஏறிக் கூரை வழியாகத் திரும்பிவிடும். நல்ல ஏற்றுமதிக்கூடத்தில் அந்தக் காலி இடத்தை அட்டையால் மூடிவிட்டுத்தான் கதவைச் சாத்துவார்கள்.

அடுத்தது வெப்பநிலை. வாழைக்குப் பொதுவாக 13.5 டிகிரியை ஒட்டி வைப்பார்கள். அதற்குமேல் போனால் காய் விழித்துக்கொண்டு பழுக்கத் தொடங்கும். 13-க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் தோலுக்குள் இருக்கும் திசுக்கள் சேதமாகும். வீட்டு ஃப்ரிட்ஜில் நடப்பது இதுதான். அங்கே இருப்பது நான்கைந்து டிகிரி. ஆக, மூன்று வாரமும் ஒரு டிகிரி அகலமுள்ள வரப்பில் நடக்க வேண்டியிருக்கிறது.

இதற்காக இயந்திரம் ஒரு விதியைக் கடைப்பிடிக்கிறது. பெட்டியில் இரண்டு இடங்களில் வெப்பமானிகள் உண்டு. ஒன்று, சரக்கை நோக்கிப் புறப்படும் காற்றை அளக்கும். மற்றது, சரக்கைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் காற்றை அளக்கும். வாழை போன்ற உயிருள்ள சரக்குக்கு இயந்திரம் புறப்படும் காற்றையே கட்டுப்படுத்துகிறது. திரும்பும் காற்று 13.5 ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால், சூடாக இருக்கும் சரக்கைத் தணிக்க இயந்திரம் 8 டிகிரி, 9 டிகிரிக் காற்றை அனுப்பத் தொடங்கும். அந்தக் காற்று முதலில் படும் அடி வரிசைக் காய்கள் குளிரில் கெட்டுவிடும். எனவே போகும் காற்று 13.5-க்குக் கீழே இறங்கக்கூடாது. திரும்பும் காற்று எவ்வளவு வேண்டுமானாலும் மெதுவாக இறங்கட்டும் என்பது ஏற்பாடு.

அந்த மெதுவுக்கும் ஒரு கணக்கு உண்டு. தோட்டத்துச் சூட்டோடு, 25 டிகிரியில் காய் ஏறினால், அதை 13.5-க்குக் கொண்டுவர ஏறத்தாழ 210 யூனிட் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். நம் மின்கட்டண அட்டையில் எழுதும் அதே யூனிட்தான். அதை இயந்திரம் எடுத்து முடிக்க ஒரு நாளுக்குமேல் ஆகும். பேலட்டின் நடுவே இருக்கும் காய்க்கு இன்னும் அதிக நேரம் வேண்டும். பெரும்பாலான பழங்களை ஏற்றுவதற்கு முன்பே குளிர்கூடத்தில் தணித்துவிடுவார்கள், ஏனென்றால் ரீஃபர் குளிரைக் காப்பாற்றுவதற்காகச் செய்த பெட்டி, சூட்டைத் தணிப்பதற்காகச் செய்தது அல்ல. வாழை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்; அதனால் அதைத் தோட்டத்துச் சூட்டோடு ஏற்றுவதும் உண்டு. திராட்சை பொறுக்காது.

இன்னொன்று, மூச்சு. மூடிய பெட்டியில் 19.6 டன் காய் மூச்சு விட்டால் கார்பன் டை ஆக்சைடு சேரும். அதோடு எத்திலீன் என்ற வாயுவும் சேரும். பழம் பழுக்கும்போது தானே வெளியிடும் வாயு அது. பக்கத்திலிருக்கும் காயையும் பழுக்கச் சொல்லும். வாழைத்தாரைக் கோணியில் மூடி வைத்தால் சீக்கிரம் பழுப்பது இதனால்தான். எனவே இயந்திரத்தின் முகப்பில் உள்ளங்கை அகல வட்ட மூடி ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைத் திருப்பி, மணிக்கு எத்தனை கன மீட்டர் புதுக்காற்று உள்ளே வர வேண்டும் என்று வைக்கலாம். சில பெட்டிகளில் வேறு வழி. ஆக்சிஜனைச் சில சதவீதத்துக்குக் குறைத்து, கார்பன் டை ஆக்சைடையும் அளவோடு நிறுத்தி வைப்பார்கள். மூச்சு மெலிந்தால் தூக்கம் நீளும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரே ஒரு சீப்பு வழியில் பழுத்துவிட்டால் அது எத்திலீனைக் கக்கும். பக்கத்துக் காய்கள் விழித்துக்கொள்ளும். பழுக்கும் வாழை விடும் வெப்பம் பச்சைக்காய் விடுவதைப்போலப் பல மடங்கு. சூடு கூடக்கூடப் பழுப்பதும் வேகமாகும். இயந்திரம் எடுக்கும் வேகத்தை இந்தச் சங்கிலி மிஞ்சிவிட்டால் அந்தப் பெட்டியை மீட்க முடியாது. ஏற்றும் இடத்தில் முதிர்ந்த காயைப் பொறுக்கி எறிய ஆள் நிற்பது அதனால்தான்.

இறால் பெட்டி: கோட்டைச் சுவர்

பக்கத்துப் பெட்டிக்குப் போவோம். மீனும் இறாலும் பழம் மாதிரி மூச்சு விடுவதில்லை. ஆனால் கெடுவது வேகம். உருகும் பனிக்கட்டியில் புதைத்து, பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வைத்தாலும் மீன் தாங்குவது பொதுவாக இரண்டு வாரம் வரைதான். வாரக்கணக்கான கப்பல் பயணத்துக்கு அது போதாது. எனவே பச்சை மீன் விமானத்தில் போகிறது. கப்பலில் போவது உறைய வைத்தது.

அளவுகோல் மைனஸ் 18 டிகிரி. மீனில் இருக்கும் நீர் மைனஸ் 1, மைனஸ் 2-லேயே உறையத் தொடங்கும். ஆனால் ஒரேயடியாக உறைவதில்லை. உப்பும் சத்தும் கலந்த நீர் கடைசிவரை திரவமாகவே ஒதுங்கி நிற்கும். மைனஸ் 18-இல் நீரின் பெரும்பகுதி உறைந்திருக்கும். நுண்ணுயிர்கள் அதற்கு முன்பே வளர்ச்சியை நிறுத்தியிருக்கும். கொழுப்பு காறுவதும் மிக மெதுவாகிவிடும்.

இந்தப் பெட்டியில் சரக்கிலிருந்து வரும் வெப்பம் பூஜ்ஜியம். வருவது எல்லாம் சுவர் வழியாகத்தான். வெளியே 30, உள்ளே மைனஸ் 18 என்றால் இடைவெளி 48 டிகிரி. அதே சுவர்கள் இப்போது ஏறத்தாழ இரண்டு கிலோவாட் வெப்பத்தைக் கசியவிடும். வாழைப் பெட்டியில் கசிந்ததைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. பகை வெளியே நின்று நான்கு பக்கமும் முட்டுகிறது.

எனவே காற்றின் வேலையும் மாறுகிறது. இங்கே காற்று சரக்கின் ஊடாகப் போக வேண்டியதில்லை. சரக்கைச் சுற்றி ஒரு குளிர்ப் போர்வை போல ஓடி, சுவரில் கசியும் வெப்பம் அட்டைப்பெட்டியைத் தொடுவதற்கு முன் வாரிக்கொண்டு போனால் போதும். ஆகவே இறால் பெட்டிகளை நடுவே சந்து விடாமல் ஒரே கட்டியாக அடுக்குவார்கள். துளை தேவையில்லை. விசிறியும் பாதி வேகத்தில் சுற்றினால் போதும். இயந்திரம் கட்டுப்படுத்துவது இங்கே திரும்பி வரும் காற்றை. போகும் காற்று மைனஸ் 20-க்குக் கீழே போனாலும் உறைந்த இறாலுக்கு ஒரு கேடும் இல்லை. திரும்பி வரும் காற்று மைனஸ் 18 என்றால், சுற்றிவந்த எல்லா இடமும் அந்த அளவில் இருக்கிறது என்று பொருள்.

புதுக்காற்று மூடி இங்கே இறுக மூடியிருக்க வேண்டும். இது ஒரு சின்ன விஷயம். ஆனால் போன பயணத்தில் பழம் ஏற்றிய பெட்டியில் இந்த மூடி திறந்தபடியே கிடந்து, அதில் இறாலை ஏற்றினால் என்ன ஆகும்? வெப்பமண்டலக் கடற்காற்றின் ஈரம் உள்ளே நுழைந்து, குளிர்ந்த சுருளின்மேல் வெண்பனியாகப் படியும். பனி தடிக்கத் தடிக்கக் காற்று சுருளுக்குள் புகாது. இயந்திரம் ஓடும், விசிறி சுற்றும், ஆனால் சரக்குக்குக் குளிர் சேராது.

ஓரளவு பனி எப்போதும் படியத்தான் செய்யும். அதைப் போக்க இயந்திரம் அவ்வப்போது தானே நின்று, விசிறியை நிறுத்தி, சுருளுக்குள் இருக்கும் மின் ஹீட்டரைச் சூடாக்கும். பனி உருகி வடிகுழாய் வழியே வெளியேறும். பிறகு மறுபடி குளிரூட்டத் தொடங்கும். அந்தச் சமயத்தில் முகப்புத் திரையில் வெப்பநிலை சட்டென்று ஏறித் தெரியும். சூடானது வெப்பமானி இருக்கும் இடம்தான், சரக்கு அல்ல. கொஞ்ச நேரத்தில் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் கவலை இல்லை. இறங்காமல் நின்றாலோ, மணிக்கொரு தரம் பனி நீக்கம் ஓடினாலோ, ஈரம் எங்கிருந்தோ நுழைகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

எங்கே தவறுகிறது

இத்தனை நுணுக்கமான பெட்டி கெட்டுப்போவது பெரும்பாலும் நடுக்கடலில் அல்ல. கப்பலில் மின்சாரம் தொடர்ந்து கிடைக்கும். எலக்ட்ரீஷியன் தினமும் சுற்றி வந்து ஒவ்வொரு பெட்டியின் திரையையும் பார்த்துக் குறிப்பார். பழுதானால் மாற்ற உதிரி பாகங்களும் இருக்கும். 2013-இல் ஓடத் தொடங்கிய 'கேப் சான்' வகைக் கப்பல்களில் ரீஃபருக்கு மட்டுமே சுமார் 2,100 பிளக்குகள் உண்டு.

தவறுவது கரையில், கை மாறும் இடங்களில். தூத்துக்குடியில் ஏற்றும் உறைந்த இறால் சிறு கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறுவது உண்டு. ஒவ்வொரு மாற்றத்திலும் பிளக்கைப் பிடுங்க வேண்டும், கிரேன் தூக்க வேண்டும், இறக்கிய இடத்தில் மறுபடி செருக வேண்டும். பிளக் இல்லாத நேரம் எவ்வளவு தாங்கும்? 22 டன் இறால் பெட்டியில் இரண்டு கிலோவாட் கசிந்தால், சரக்கு முழுவதும் சராசரியாக ஒரு டிகிரி ஏற ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகும். ஆகவே ஓரிரு மணி நேரம் பெரிய விஷயமில்லை. ஆனால் சராசரி என்பது ஏமாற்றும். கூரையோரமும் மூலையும் முதலில் சூடாகும்; நடுவில் இருப்பது கல்லாகவே இருக்கும். இரவு முழுக்க யாரும் செருகாமல் விட்டால், ஓரத்து இறால் இளகிவிடக்கூடும்.

இளகி மறுபடி உறைந்த இறாலைக் கண்டுபிடிக்க முடியும். தனித்தனியாக உறைய வைத்த இறால், பையை அசைத்தால் கூழாங்கல் போலச் சலசலக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தாலோ, பையின் அடியில் பனிக்கட்டி தேங்கியிருந்தாலோ, அட்டைப்பெட்டி நனைந்து அமுங்கிப் பின் விறைத்திருந்தாலோ, அது வழியில் ஒரு தரம் இளகியது. இப்போது வெப்பமானி மைனஸ் 18 காட்டினாலும் அந்தக் கதை மாறாது. வாழைக்கும் இப்படிச் சோதனை உண்டு. குளிர் தாக்கிய காய் வெளியே பச்சையாகவே தெரியும். கத்தியால் தோலை மெல்லச் சீவிப் பார்த்தால், உள்ளே பழுப்புக் கோடுகள் ஓடியிருக்கும்.

இயந்திரமும் சாட்சி சொல்லும். முன்பு வட்டக் காகிதத்தில் பேனா முள் கோடு போடும் கருவி இருந்தது. இன்று பெட்டிக்குள்ளேயே மின்னணுப் பதிவேடு இருக்கிறது. புறப்பட்ட காற்று, திரும்பிய காற்று, பனி நீக்கம், மின்சாரம் நின்ற நேரம் எல்லாம் அதில் பதியும். புதிய பெட்டிகள் பல, மோடம் வழியாக அந்தக் கணக்கைக் கரைக்கே அனுப்பிவிடுகின்றன. வாழைப் பெட்டியில் போகும் காற்றுக்கும் வரும் காற்றுக்கும் இடையே ஒரு டிகிரியை ஒட்டிய வித்தியாசம் நிலையாக நின்றால் காய் தூங்குகிறது என்று அர்த்தம். அந்த வித்தியாசம் நாளுக்கு நாள் கூடினால் உள்ளே ஏதோ பழுக்கிறது.

ஆனால் எல்லாப் பதிவேடுகளுக்கும் முந்தியது ஒரு மனிதர் விசையை அழுத்திக் கொடுக்கும் எண். 18-க்கு முன்னால் மைனஸ் குறியை விட்டுவிட்டாலோ, மைனஸ் 18 என்பது மைனஸ் 1.8 ஆகிவிட்டாலோ, இயந்திரம் சொன்னதைச் சிறிதும் பிசகாமல் செய்து முடிக்கும். சரக்குப் போய்விடும். முன்பதிவுச் சீட்டில் இருக்கும் எண்ணும் திரையில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று கதவைப் பூட்டும்போது ஒரு தரம், துறைமுகத்தில் ஒரு தரம், இருவேறு ஆட்கள் பார்ப்பதைவிடப் பெரிய பாதுகாப்பு எந்த இயந்திரத்திலும் இல்லை.

நல்லெண்ணத்தில் செய்யும் தவறும் ஒன்று உண்டு: சரக்கு ஏற்றுவதற்கு முன் காலிப் பெட்டியைக் குளிரவைத்துவிடுவது. நம் ஊர்ப் புழுக்கத்தில் குளிர்ந்த பெட்டியின் கதவைத் திறந்தால், ஈரக்காற்று உள்ளே பாய்ந்து சுவரிலும் கூரையிலும் வியர்க்கும். அந்த நீர் அட்டையில் சொட்டி அதன் பலத்தைக் கெடுக்கும், சுருளில் பனியாகவும் சேரும். குளிர்கூடத்தின் வாசலோடு பெட்டியை இடைவெளியின்றிப் பொருத்தி ஏற்ற வசதி இருந்தால் மட்டுமே முன்குளிர்விக்கலாம். இல்லாவிட்டால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, குளிர்ந்த சரக்கைச் சீக்கிரமாக ஏற்றி, கதவைச் சாத்திய பிறகு போடுவதே சரி.

ஏற்றுவதற்கு முன்

ராட்டர்டாமில் இறங்கிய பச்சை வாழையைப் பழுக்கவைக்கும் அறைக்குக் கொண்டுபோய், அளந்த எத்திலீனைக் கொடுத்து எழுப்புகிறார்கள். சில நாளில் அது மஞ்சளாகிக் கடைக்குப் போகிறது. மூன்று வாரமாகப் பெட்டி தள்ளி வைத்ததெல்லாம் இந்த விழிப்பைத்தான்.

தேனியிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வாழை ஏற்றுமதி செய்ய நினைப்பவர்களுக்கும், கடலோரப் பண்ணையாளர்களுக்கும் இதிலிருந்து சொல்ல ஒன்று உண்டு. பெட்டிக்குக் கொடுக்கும் வாடகையைவிட, பெட்டி வருவதற்கு முந்தைய நேரத்தைக் கணக்குப் பாருங்கள். வெட்டிய காய் எத்தனை மணி நேரம் வெயிலில் கிடந்தது, முதிர்ந்த சீப்பை ஒதுக்கினீர்களா, துளைக்கு நேரே துளை அடுக்கினீர்களா, இறாலின் நடுப்பகுதி உண்மையிலேயே மைனஸ் 18-ஐத் தொட்டதா என்று கத்திமுனை வெப்பமானியைக் குத்திப் பார்த்தீர்களா? ரீஃபர் தன்னிடம் கொடுத்ததைக் கொடுத்த நிலையில் வைத்திருக்கும். அதைவிட நல்லதாக்கித் திருப்பித் தராது.